எல்லோரும் என்றால் எத்தனை பேர்?

கேள்வி: "வானொலியில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக ஏழு நிமிட உரை ஒன்று கேட்டிருக்கிறார்கள். 'எல்லாரும்தானே செய்றாங்க' என்பது ஏன் நல்ல காரணம் இல்லை என்பதுதான் தலைப்பு. எழுதினால் அறிவுரையாகவே வருகிறது. அணைத்துவிடாமல் கேட்கும்படி எப்படிச் சொல்வது?"

முதலில் ஒரு வரியைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். இன்னும் எழுதவில்லை என்றாலும் மனதில் இருக்கும்: "எல்லாரும் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா?" இந்தத் தலைப்பைக் கையில் எடுத்தவுடன் எவருக்கும் அதுதான் முதலில் வரும், எனக்கும் அதுதான் வந்தது. ஒருமுறை ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு பையன் யோசிக்காமல் பதில் சொன்னான்: "எல்லாருமே குதிக்கிறாங்கன்னா பின்னாடி ஏதோ துரத்திட்டு வருதுன்னு அர்த்தம் சார். நானும் குதிப்பேன்." வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரி என்பதை வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

நான் சமூக உளவியல் கற்பிக்கிறவன். இளையோர் நிகழ்ச்சிகளுக்குச் சில உரைகள் எழுதி வாசித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த வாதம் எப்போதுமே முட்டாள்தனம் என்று தொடங்கினால், கேட்கிற பிள்ளை முதல் நிமிடத்திலேயே உங்களைத் தாண்டிப் போய்விடும். ஏனென்றால் எல்லோரும் செய்வதைச் செய்வது பல நேரம் சரியான முடிவுதான். சாலையில் எல்லோரும் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்களோ அந்தப் பக்கம்தான் நாமும் ஓட்ட வேண்டும். அங்கே எல்லோரும் செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணமே தேவையில்லை. அரங்கத்தில் எல்லோரும் கதவை நோக்கி ஓடினால், என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறவர் அறிவாளி இல்லை. இதை உரையின் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டுவிடுங்கள். ஒரு வாக்கியம் போதும். "இவர் நம்மை ஏமாற்ற வரவில்லை" என்ற நம்பிக்கை அதில் கிடைத்துவிடும்.

சரி, அப்படியானால் எப்போது அது மோசமான காரணம்? இதற்கு விளக்கம் தேடித் தர்க்கப் பாடப் புத்தகத்துக்குப் போவதைவிட, ஒரு மாட்டுக் கதை நன்றாக உதவும். 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கண்காட்சிப் போட்டியைப் பற்றி எழுதினார். ஒரு மாட்டைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்த பிறகு அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கச் சொன்ன போட்டி அது. படிக்கக்கூடியதாக இருந்த 787 சீட்டுகளை அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். நட்ட நடுவில் நின்ற ஊகம் 1207 பவுண்டு, உண்மையான எடை 1198 பவுண்டு. கூட்டம் கிட்டத்தட்ட மிகச் சரியாகச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைத் தனித்தனிச் சீட்டில் எழுதிப் போட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து ஆளாளுக்கு எழுதியிருந்தால் 787 சீட்டு இருந்திருக்கும், கருத்து ஏழெட்டுதான் இருந்திருக்கும். எல்லோரும் செய்கிறார்கள் என்பதில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான்: ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தானே எழுதினார்களா, பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுதினார்களா? உங்கள் ஏழு நிமிடத்தையும் இந்தச் சீட்டைச் சுற்றியே கட்டிவிடலாம்.

இனி இதைப் பிள்ளைகளின் உலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். போதைப் பொருள் மாதிரிப் பெரிய உதாரணத்தை எடுக்காதீர்கள். "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று பாதிப் பேர் விலகிவிடுவார்கள். எல்லோரும் ஒருமுறையாவது நின்று பார்த்த இடம் ஒன்று வேண்டும். நான் எடுத்துக்கொள்வது வகுப்பின் வாட்ஸ்அப் குழு. முப்பது பேர் இருக்கும் குழு என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கூடப் படிக்கும் பெண்ணின் படத்தைக் கோணல்மாணலாக மாற்றிப் போடுகிறான். ஒரு நிமிடத்துக்குள் சிரிக்கிற முகம் ஒன்று விழுகிறது. அப்புறம் இன்னொன்று. பத்து நிமிடத்தில் ஐந்து சிரிப்பு. அதற்குள் குழுவில் எல்லோருமே பார்த்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றும்? "எல்லாரும் சிரிக்கிறாங்க." சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு? "எல்லாருக்கும் இது ஜாலியா இருக்கு, எனக்கு மட்டும்தான் ஒரு மாதிரி இருக்கு."

இங்கே நிறுத்தி, எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தைப் போட்டவன் ஒருவன், சிரித்தவர்கள் ஐந்து பேர், ஆக ஆறு. அந்தப் பெண்ணைக் கழித்தால் மிச்சம் 23 பேர் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் மனம் அவர்களைத் தானாகவே சிரித்தவர்கள் பக்கம் சேர்த்துவிடுகிறது. ஆனால் அந்த 23 பேரில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது, "எனக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்பதாக இருக்கலாம். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதம் என்றும், தன் மௌனத்தை மட்டும் தயக்கம் என்றும் படிக்கிறார்கள். தன் மௌனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும், மற்றவர் மௌனத்துக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கூட்டு அறியாமை என்று சொல்லலாம். உளவியலாளர்கள் ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் டேனியல் காட்ஸும் 1931இலேயே இதை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். பின்னாளில் டெபரா ப்ரென்ட்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். 1993இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இங்குள்ள குடிப்பழக்கம் உனக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது, சராசரி மாணவனுக்கு எவ்வளவு ஒத்துப்போகும் என்று இரண்டு கேள்வி. மாணவர்கள் தங்களைவிட மற்றவர்களுக்கு அது அதிகமாக ஒத்துப்போகிறது என்றே சொன்னார்கள். கொஞ்சம் யோசித்தால் இதில் இருக்கும் வேடிக்கை புரியும். அந்தச் சராசரி மாணவன் வேறு எங்கோ இருந்து வந்தவன் இல்லை, பதில் சொன்ன இவர்களைச் சேர்த்துத்தான் அவன் உருவாகிறான். எல்லோருமே சராசரியைவிடத் தயக்கம் உள்ளவர்களாக இருக்க முடியாது. வானொலியில் ஆய்வாளர் பெயர்கள் வேண்டாம், இந்த வேடிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

எண்ணிக்கை தவறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு, கணக்குப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதே முப்பது பேர் வகுப்பில் மூன்று பேர் பிரபலமானவர்கள். மற்ற 27 பேரில் ஒவ்வொருவரும் இந்த மூவரின் பதிவுகளையும், தன் நெருங்கிய நண்பர்கள் இருவரின் பதிவுகளையும் பார்க்கிறார்கள். இப்போது அந்த மூவர் மட்டும் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள். வகுப்பில் செய்தவர்கள் முப்பதில் மூன்று, அதாவது பத்தில் ஒருவர். ஆனால் அந்த 27 பேரில் எவர் தன் திரையைப் பார்த்தாலும், ஐந்தில் மூன்று பேர் செய்திருப்பார்கள். பாதிக்கு மேல்! யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணிலும் படுகிறவர்கள் செய்தால், எல்லோரும் செய்கிற மாதிரியே தெரியும். காதால் கேட்கும்போது இந்தக் கணக்கு சற்று வேகமாக ஓடிவிடும் என்பதால், உரையில் குழு உதாரணம் அல்லது இது, இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் குழுவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது நான் செய்த தவறு. பல வருடங்களுக்கு முன் தேர்வில் காப்பியடிப்பதைப் பற்றி ஒரு உரை வாசித்தேன். "இன்றைக்குப் பெரும்பாலான மாணவர்கள் காப்பியடிக்கிறார்கள், இது ஒரு நோய்போலப் பரவிவிட்டது" என்று கனமான குரலில் தொடங்கினேன். கேட்டவர்களுக்கு உறைக்க வேண்டும் என்ற எண்ணம். ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி எழுதிய கடிதம் வந்தது. அதில் ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: "பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள் என்று நீங்களே சொன்ன பிறகுதான், செய்யாமல் இருக்கும் நான் ஏமாளி என்று தெரிந்தது." எதை உடைக்கப் போனேனோ அதை நானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இது என் ஒருவனுடைய துரதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாக மாறிய பழங்கால மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சிறு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே பெரிய தலைவலி. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியவர்களும், அடையாளம் வைத்த துண்டுகளை நடைபாதையில் போட்டுவிட்டு, பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முன்பு வந்த பலர் எடுத்துக்கொண்டு போனதால் காடே மாறிவிட்டது என்று வருத்தப்பட்ட பலகை இருந்த நேரத்தில், நூற்றுக்கு ஏறக்குறைய 8 துண்டுகள் காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது காணாமல் போனது நூற்றுக்கு 2 துண்டுக்கும் குறைவு. முதல் பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தவர் காதில் "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்ற பாதிதான் விழுந்தது.

அதனால் எழுதி முடித்ததும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, "இன்றைய இளைஞர்கள் எல்லாம்", "இப்போது எங்கு பார்த்தாலும்", "பெருகிவிட்டது" என்ற மாதிரி வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். முன்னுரையில்தான் இவை ஒளிந்திருக்கும். நிகழ்ச்சித் தொகுப்பாளர் உங்களை அறிமுகப்படுத்தும் வரிகளையும் வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அவரும் அங்கேதான் தொடங்குவார்.

இதுவரை சொன்னது எண்ணிக்கைத் தவறு. ஆனால் எண்ணிக்கை உண்மையாகவே பெரிதாக இருக்கும் இடங்களும் உண்டு. சுற்றி இருக்கும் ஏழு பேருமே செய்கிறார்கள். அப்போது என்ன? இங்கேதான் உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனைகள் வருகின்றன. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று ஒரே குரலில் தவறான பதிலைச் சொன்னார்கள். அந்த ஒருவரின் இடத்தில் பலரை மாற்றி மாற்றி உட்கார வைத்தபோது, அந்த 12 சுற்றுகளில் அவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாக இருந்தன. மனிதர்கள் ஆட்டு மந்தை என்று காட்ட இந்தச் சோதனையை மேடைகளில் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பதில்கள் சரியாகவே இருந்தன, ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அந்தச் சோதனையின் இன்னொரு வடிவம். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, வளைந்து கொடுப்பது முன்பு இருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தனியாகத் தாளில் எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது. பாருங்கள், கால்ட்டனின் சீட்டு மறுபடி வந்துவிட்டது.

அந்தச் சோதனையில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், அத்தனை பேரும் ஆண்கள், காட்டியது வெறும் கோடு. அதிலிருந்து நேராக ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் நட்பு வட்டத்துக்குத் தாவிவிடக் கூடாது. கோட்டில் தவறினால் நட்பு போகாது, நிஜ வாழ்க்கையில் போகலாம். ஆனால் ஒரே ஒரு துணை இருந்தால் கூட்டத்தின் பிடி தளர்கிறது என்ற போக்கை நான் நம்பிச் சொல்வேன். வாட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பினால், அந்த 23 பேரில் ஒருவன் "டேய், இது நல்லா இல்ல, எடுத்துடு" என்று எழுதுவது அந்தப் பெண்ணுக்காக மட்டும் இல்லை, மற்ற 22 பேருக்கும் அது துணை. குழுவில் எழுதத் துணிச்சல் வரவில்லையா, மௌனமாக இருப்பவர்களில் ஒருவனுக்குத் தனியாக, "உனக்கு இது ஓகேவா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அது தனிச் சீட்டு. கூட்டத்தில் வராத பதில் தனியாகக் கேட்டால் வரும்.

உரையின் நடுப்பகுதியை நான் எழுதினால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "எல்லாரும்னு சொல்றீங்க. சரி, ஒரு சின்ன வேலை செய்வோம். பேர் சொல்லுங்க. மனசுக்குள்ளேயே சொல்லுங்க. முதல் பேர்... ரெண்டாவது... மூணாவது... நாலாவது பேர் வருதா? அஞ்சாவது? இப்போ, இவங்க செய்றதை நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்ல செய்றாங்கன்னு யாராவது சொன்னாங்களா? கடைசியா ஒண்ணு. இவங்கள்ல யாரையாவது தனியாக் கூப்பிட்டு, 'உனக்கு உண்மையிலேயே இது பிடிச்சிருக்கா'ன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" பெயர் சொல்லச் சொல்வதில்தான் உயிர் இருக்கிறது. "எல்லோரும்" என்ற சொல்லுக்கு முகம் கிடையாது, பெயர் என்றால் முகம் வந்துவிடும். அநேகமாக ஐந்தாவது பெயரில் தடுமாற்றம் வரும். அப்படி வராமல் பத்துப் பெயரும் சரசரவென்று வந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் வட்டத்தில் அது உண்மையிலேயே பரவலாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு எண்ணிக்கை வாதம் உதவாது, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பத்துப் பேர் செய்வதால் அந்தச் செயலின் விளைவு மாறுகிறதா? சாலையில் ஓட்டும் பக்கம் என்றால் மாறும். தேர்வில் எழுதிய விடை உனக்குப் புரிந்ததா என்பது பத்துப் பேர் காப்பியடித்தாலும் மாறாது.

இதனால் எவ்வளவு பயன் என்று கேட்டால், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். "நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்கள் குடிப்பதில்லை" என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் முயற்சிகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பிடமிருந்து 2015இல் வந்தது. குடிப்பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான குறைவு எதையும் அது காணவில்லை. எண்ணிக்கையைத் திருத்துவது நடத்தையைத் தானாகத் திருத்திவிடாது. இன்னொன்று, உங்கள் உரையைக் கேட்கும்போது பிள்ளை தனியாகவோ வீட்டாரோடோ இருக்கும், தேவைப்படும் நேரத்தில் நண்பர்களோடு இருக்கும். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஆபத்தான முடிவுகள் கூடின. பெரியவர்களைவிட இளையோரிடம் அது கூடுதலாக இருந்தது. தனியாக இருக்கும்போது தெரிந்தது கூட்டத்தில் கைக்கு வராமல் போகலாம். அதனால்தான் கருத்தோடு நிறுத்தாமல், "உனக்கு இது ஓகேவா?" போல அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு வாக்கியத்தையாவது அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறேன்.

வாசிப்பைப் பற்றி இரண்டு விஷயம். "மாணவச் செல்வங்களே" என்று கூப்பிடாதீர்கள். கேட்பது ஒரே ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள். கூட்டத்தைப் பற்றிய உரையைக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் எடுபடாது. அப்புறம், பெயர்களை எண்ணச் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நடுவே உண்மையாகவே இரண்டு மூன்று நொடி விட வேண்டும், அப்போதுதான் அவர்கள் எண்ணுவார்கள். இதை ஒலிப்பதிவு செய்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். ஒலிபரப்பில் கேட்டபோது, மௌனத்தை எல்லாம் பிழை என்று நினைத்து வெட்டியிருந்தார்கள். ஐந்து பெயரும் நாலு நொடியில் முடிந்திருந்தன.